கடைசிப் பல்லவியைப் பாடுவது யார்?

மூன்று முறை ‘நான்’ என்று பாடிய பல்லவியை, முடிவில் ஒரு முறை பன்மைக்கு மாற்றிப் பாடுவது பாட்டெழுதுகிறவர்களுக்குப் பழகிய உத்தி. தனி ஆள் ஒருவரின் துயரமோ உறுதியோ கூட்டத்தினுடையதாக விரிகிறது, கோரஸ் குரல்கள் சேர்கின்றன, கேட்பவருக்குச் சிலிர்க்கிறது. கைவந்த உத்தி என்பதாலேயே இதைப் பலர் யோசிக்காமல் செய்துவிடுகிறார்கள். தமிழில் இதை யோசிக்காமல் செய்யவே முடியாது. ‘நான்’ என்பதிலிருந்து புறப்பட்டால் நம் மொழியில் இரண்டு வாசல்கள் இருக்கின்றன. ஒன்று ‘நாங்கள்’, மற்றது ‘நாம்’. முதலாவது கேட்பவரை வெளியே நிறுத்துகிறது, இரண்டாவது உள்ளே இழுக்கிறது. இலக்கணம் இந்த இரண்டாவதை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று தனிப்பெயர் வைத்துப் பிரித்திருக்கிறது. எனவே ‘மாற்றலாமா வேண்டாமா’ என்ற கேள்வி தமிழ்ப் பாட்டில் ‘மாற்றுவதா, எதற்கு மாற்றுவது, அல்லது மாற்றாமலே விடுவதா’ என்று மூன்று கிளை விடுகிறது.

இந்தக் கேள்வியைச் சோதித்துப் பார்க்க அந்தமானைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை. 2011 கணக்கெடுப்பின்படி அங்கே நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். வங்காளமும் தெலுங்கும் மலையாளமும், ராஞ்சிப் பக்கத்திலிருந்து வேலைக்குக் கூட்டிவரப்பட்டவர்களின் குருக், முண்டாரி மொழிகளும் அதே தெருக்களில் பேசப்படுகின்றன. எல்லோரையும் இணைக்கும் பொதுமொழி இந்தி. தெலுங்கு, மலையாளம், குருக், முண்டாரி நான்கிலும் தமிழைப் போலவே கேட்பவரைச் சேர்க்கும் பன்மையும் சேர்க்காத பன்மையும் வேறு வேறு. வங்காளத்துக்கும் இந்திக்கும் அந்தப் பிரிவு கிடையாது. ஒரே மேடையில், ஒரே மெட்டில், ஒரே விழாவில் இவை மாறி மாறிப் பாடப்படும்போது, கடைசிப் பல்லவியின் பன்மைக்குள் யார் யார் அடங்குகிறார்கள் என்பது வெறும் இலக்கண விவகாரமாக நின்றுவிடுவதில்லை.

மாற்றம் எங்கேயும் நிகழாத பாட்டுகளை முதலில் பார்த்துவிடலாம். நம் மரபில் அவையே மிகுதி. அப்பரின் மறுமாற்றத் திருத்தாண்டகம் முதல் சொல்லிலேயே பன்மையில் தொடங்குகிறது. மன்னனின் அழைப்பைக் கொண்டுவந்த அமைச்சர்களுக்கு முன்னால் தனியாக நின்ற ஒருவர் பாடியதாகப் பெரியபுராணம் சொல்லும் பதிகம் அது. ஒற்றை ஆள் பன்மையில் பேசும்போது அவருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத கூட்டம் ஒன்று வந்து நிற்கிறது. அதிகாரத்துக்கு எதிரே அதுதான் அவருடைய பலம். பாரதியின் சுதந்திரப் பள்ளும் பல்லவியிலிருந்தே ‘-ஓம்’ தான். களியாட்டம் ஏற்கெனவே தொடங்கிவிட்டது, நாம் நடுவில் போய்ச் சேர்கிறோம்.

ஆண்டாள் இரண்டையும் செய்து காட்டியிருக்கிறார். நாச்சியார் திருமொழியில் பெரும்பாலும் ஒருத்தியின் ஏக்கம். திருப்பாவையின் முப்பது பாட்டில் தோழிகளோடு சேர்ந்த குரல். அந்தத் திருப்பாவை முடிகிற விதம் வியப்பானது. இருபத்தொன்பதாம் பாட்டில் பன்மை அதன் உச்சத்தைத் தொடுகிறது. முப்பதாம் பாட்டில் பாடியவர் தன்னைப் படர்க்கையில் நிறுத்தி, பட்டர்பிரானின் மகள் கோதை சொன்ன மாலை இது என்று பெயர் சொல்லிவிட்டு விலகிக்கொள்கிறார். கூட்டம் பெரிதாகிக்கொண்டே போவதுதான் நல்ல முடிவு என்ற நம் பழக்கத்துக்கு இது நேர் எதிரான வழி. பன்மை நிறைந்தபின் அதை அப்படியே பாடுவோர் கையில் விட்டுவிட்டு ஆசிரியர் வெளியேறுகிறார்.

ஒருமை பன்மையாக மாறியதற்கு உலகறிந்த சான்று அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டப் பாட்டு. இந்தியப் பள்ளிப் பிள்ளைகள் கிரிஜா குமார் மாத்தூரின் இந்தி வடிவத்தில் பாடும் அதே பாட்டு. அதன் வேர்களில் ஒன்று, சார்லஸ் ஆல்பர்ட் டிண்ட்லி 1900களின் தொடக்கத்தில் வெளியிட்ட ஒரு தேவாலயப் பாடல். நான் ஒருநாள் வெல்வேன் என்ற பொருளில் ஒருமையில் அமைந்தது. 1945 கடைசியில் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் புகையிலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒவ்வொரு நாளும் மறியல் முடியும்போது லூசில் சிம்மன்ஸ் என்ற தொழிலாளிப் பெண் அந்தப் பாட்டை மெதுவாக இழுத்து, பன்மையில் பாடினார். அவர்களிடமிருந்து ஹைலேண்டர் பள்ளியின் ஸில்ஃபியா ஹார்ட்டன் கற்றுக்கொண்டார், அவரிடமிருந்து பீட் சீகர். மாற்றம் எழுத்து மேசையில் நடக்கவில்லை. ஒரே கூலிக்கு ஒரே வாசலில் ஒரே குளிரில் நின்றவர்கள் பாடும்போது ‘நான்’ பொய்யாகிப்போனது, அதனால் மாறியது.

இந்தக் கதை இத்தோடு முடிந்திருந்தால் பன்மையே மேல் என்று தீர்ப்பு எழுதிவிடலாம். அதே இயக்கத்தில் சிறைக்குப் போய், பாடகியாகவும் வரலாற்றாசிரியராகவும் வாழ்ந்த பெர்னிஸ் ஜான்சன் ரீகன் வேறொன்று சொன்னார். தன் சமூகத்தின் தேவாலயத்தில் கூட்டத்தைச் சொல்ல வேண்டுமானால் ‘நான்’ என்றுதான் பாடுவார்கள் என்பது அவர் வாதம். ‘நாங்கள் வருகிறோம்’ என்று ஒருவர் சொன்னால் யார் வருவார் என்று தெரியாது. ஒவ்வொருவரும் ‘நான் வருகிறேன்’ என்று சொன்னால்தான் கூட்டம் உண்மையில் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கோயிலில் நின்று பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஓதுவார் பாடும் ஒருமைப் பதிகத்தை நூறு பேர் சேர்ந்து பாடும்போது யாருக்கும் அது தவறாகப் படுவதில்லை. ஒவ்வொருவரும் தனக்காகச் சாட்சி சொல்கிறார்கள். உறுதிமொழியும் அப்படித்தான்: பத்துப் பேர் சேர்ந்து எடுத்தாலும் ‘நான்’ என்றே எடுக்கிறோம். பன்மை சிலசமயம் ஒளிந்துகொள்ளும் இடமாகவும் ஆகிவிடும் என்பதை ரீகன் சரியாகக் கண்டிருக்கிறார்.

அந்தமானின் மூத்த குடிகளிடம் இதே வழி இன்னும் கூர்மையாக இருந்தது. 1906க்கும் 1908க்கும் இடையில் அங்கே தங்கி ஆராய்ந்து, 1922இல் நூலாக வெளியிட்ட ராட்கிளிஃப் பிரௌன், கிரேட் அந்தமானியரின் பாட்டைப் பற்றி எழுதியவை பாட்டாசிரியர்கள் படிக்க வேண்டியவை. ஒவ்வொரு ஆணும் தன் பாட்டைத் தானே கட்டுவார். ஆட்டத்தில் இன்னொருவர் கட்டிய பாட்டைப் பாடுவது வழக்கமில்லை. ஓடம் குடையும்போதோ வில் செதுக்கும்போதோ வரிகள் உருவாகும். அவர் செய்த வேலையும் வேட்டையும்தான் பொருள். ஆட்டத்துக்கு முன்பே வீட்டுப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுவார். இரவில் ஆட்டக்களத்தில், கேடயம்போல் செதுக்கிய மரப்பலகையின் மேல் காலால் தாளமிட்டபடி முதலில் அவர் தனியாகப் பாடுவார். பிறகு பெண்கள் தொடையில் கைதட்டிக்கொண்டு பின்பாட்டு எடுப்பார்கள். பாட்டு அவருடையது, குரல் எல்லோருடையது. தன் பாட்டை ஊருக்குப் பொதுவாக்க அவர் சொல்லை மாற்ற வேண்டியிருக்கவில்லை. இன்றைய ஒலிப்பதிவில் கோரஸைக் கடைசியில் சேர்க்கிறவர் செய்வதும் இதுதான். ஆகவே குரல் பெருகுவதும் சொல் மாறுவதும் தனித்தனி முடிவுகள். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பல பாட்டுகளில் கடைசிப் பல்லவி ஒரே செய்தியை இருமுறை சொல்கிறது.

இனி ஒரு பாட்டை எடுத்து முழுதாகச் செய்து பார்ப்போம். செல்லுலார் சிறை 1896இல் கட்டத் தொடங்கி 1906இல் முடிந்தது. நடுக்கோபுரத்திலிருந்து ஏழு நீண்ட சிறகுகள், 693 தனி அறைகள். ஒரு சிறகின் முகப்பு அடுத்த சிறகின் முதுகைப் பார்க்கும்படி அமைத்தார்கள். எதிர் அறையில் இருப்பவரின் முகம்கூடத் தெரியக்கூடாது என்பது நோக்கம். ஒரு மனிதனை ஒருமையிலேயே அடைத்துவைக்கத் திட்டமிட்ட கட்டடம் அது. அதற்குள் ஒரு பன்மை உண்டானது என்பதுதான் அதன் வரலாறு. இதைப் பாட்டாக்க வேண்டும். அறைக்குள் இருக்கும் கைதி ஒருவர் ஊரில் விட்டுவந்த மகளிடம் பேசுவதாகப் பல்லவியை நான் இப்படி வைத்துக்கொள்கிறேன்:

கல்லில் உன்பேர் கீறி வைத்தேன்
காற்றில் என்சொல் ஏவி விட்டேன்
அலைகள் ஓயும் நாள் வரைக்கும்
அறையில் நான்தான் காத்திருப்பேன்

மூன்று சரணங்கள். முதலாவதில் கப்பலும் கடலும் கதவடைப்பும். இரண்டாவதில் தேங்காய்ச் செக்கு, தினமும் அளந்து கேட்கும் எண்ணெய். மூன்றாவது சரணத்தில் என்ன வைப்பது என்பதில்தான் கடைசிப் பல்லவியின் விதி இருக்கிறது. அங்கேயும் தனிமையின் வேதனையையே எழுதிவிட்டு, பல்லவியில் மட்டும் ‘-ஓம்’ போட்டால் கேட்பவருக்கு அது ஒட்டவைத்ததாகத் தோன்றும். பன்மைக்குக் காரணமான நிகழ்ச்சி ஒன்று பாட்டுக்குள்ளேயே நடக்க வேண்டும். வரலாறு அதைக் கொடுத்திருக்கிறது: 1933 மே மாதம் தொடங்கிய உண்ணாவிரதம். வலுக்கட்டாயமாக உணவு புகட்டியபோது மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மொய்த்ரா மூவரும் உயிரிழந்தார்கள். 1937இல் மறுபடியும் பெரிய உண்ணாவிரதம். அதன்பின் அரசியல் கைதிகள் தாய்நாட்டுச் சிறைகளுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். முகம் பார்க்க முடியாதவர்கள் ஒரே நாளில் தட்டைத் தள்ளிவைத்ததுதான் அந்தப் பன்மை பிறந்த நேரம். மூன்றாம் சரணம் அதுவே. அதில் ‘அடுத்த அறையில் தட்டு நகரும் ஓசை கேட்டது’ என்பது போன்ற ஒரு வரி இருந்தால் போதும், இரண்டாவது மனிதர் பாட்டுக்குள் வந்துவிடுகிறார்.

இப்போது மாற்றுவோம். வினைமுற்று எளிதாக ஒத்துழைக்கிறது. ‘வைத்தேன்’, ‘விட்டேன்’, ‘காத்திருப்பேன்’ என்பவை ‘வைத்தோம்’, ‘விட்டோம்’, ‘காத்திருப்போம்’ ஆகும்போது அசைக்கணக்கு சிறிதும் மாறுவதில்லை. ‘-ஏன்’ என்று முடிந்துவந்த இயைபு முழுவதும் ஒரே வீச்சில் ‘-ஓம்’ ஆகிறது. தமிழ்ப் பாட்டில் இந்த மாற்றத்தைக் கவனமில்லாமல் கேட்பவரின் காதும் பிடித்துவிடும், ஏனென்றால் வரிகள் முடியும் ஒலியே வேறாகிவிடுகிறது. வாய் குவிந்து ‘ம்’ என்று மூடும் ‘ஓம்’ நீட்டிப் பாடுவதற்கும், பல குரல்கள் ஒன்றாக முடிவதற்கும் ‘ஏன்’ என்பதைவிட வசதியானது.

சிக்கல் பெயர்ச்சொல்லில் வருகிறது. ‘நான்’ ஓரசை, ‘நாம்’ ஓரசை, ‘நாங்கள்’ ஈரசை. ‘என்’ என்ற இடத்தில் ‘நம்’ சரியாக உட்காரும், ‘எங்கள்’ உட்காராது. ‘எனக்கு’ இருந்த இடத்தில் ‘நமக்கு’ அப்படியே பொருந்தும், ‘எங்களுக்கு’ மெட்டை உடைத்துக்கொண்டு நீளும். இதன் விளைவாக, பொருள் ‘நாங்கள்’ என்று கேட்கும் இடத்திலும் மெட்டு ‘நாம்’ என்று தள்ளிக்கொண்டே இருக்கும். பல பாட்டுகளில் கடைசிப் பல்லவி ‘நாம்’ என்று வருவதற்கு ஆசிரியரின் முடிவு காரணமல்ல, அளவின் நெருக்கடியே காரணம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். வழி இல்லாமல் இல்லை. ‘எம்’, ‘எமக்கு’ என்ற பழைய வடிவங்கள் ‘என்’, ‘எனக்கு’ என்பவற்றின் அளவிலேயே இருக்கின்றன, கேட்பவரை வெளியே நிறுத்தும் பொருளையும் தருகின்றன. இலக்கிய நடைப் பாட்டில் அவை உறுத்தாது. நாட்டுப்புற மெட்டில் உறுத்தும், அங்கே ‘நாங்க’, ‘எங்க’ என்று பேச்சு வடிவத்துக்கு முதல் வரியிலிருந்தே இடம் விட்டு எழுத வேண்டும். மேலே உள்ள நான்காம் வரியில் ‘நான்’ என்று மட்டும் வைக்காமல் ‘நான்தான்’ என்று வைத்தது இதற்காகத்தான். ‘நான்தான்’ போய் ‘நாங்கள்’ வந்து அதே ஈரசையில் அமர்கிறது. கடைசிப் பல்லவியை எழுதும் வேலை முதல் பல்லவியிலேயே தொடங்கிவிடுகிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று கிடையாது.

இன்னொரு முடிச்சு, யாரைப் பார்த்துப் பாடுகிறோம் என்பது. ‘கல்லில் உன்பேர் கீறி வைத்தோம்’ என்றால் எழுநூறு பேரும் ஒரே மகளின் பெயரைக் கீறினார்கள் என்று ஆகிவிடும். தன்மை பன்மையானால் முன்னிலையும் அசையும். ‘உன்’ என்பதை ‘உம்’ என்று ஆக்கினால் அளவு கெடாமல் முன்னிலையும் விரிகிறது:

கல்லில் உம்பேர் கீறி வைத்தோம்
காற்றில் எம்சொல் ஏவி விட்டோம்
அலைகள் ஓயும் நாள் வரைக்கும்
அறையில் நாங்கள் காத்திருப்போம்

மூன்று முறை ஒரு தந்தை மகளிடம் பேசியதை ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தோம். நான்காம் முறை, எல்லா அறைகளும் சேர்ந்து நம்மிடமே பேசுகின்றன. நாம் வெளியே இருக்கிறோம், அவர்கள் உள்ளே. பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நம்மை வைத்துவிட்டது ‘நாங்கள்’. இனி இதையே ‘நாம்’ என்று வைத்துப் பாருங்கள். ‘கல்லில் நம்பேர் கீறி வைத்தோம், அறையில் நாமே காத்திருப்போம்.’ கேட்பவர் அந்த அறைக்குள் ஒருநாளும் இருந்ததில்லை. 1979இல் தேசிய நினைவிடமான அந்தக் கட்டடத்துக்குள் சீட்டு வாங்கிக்கொண்டு போய், மாலையில் திரும்பிவிடுகிறவர். செக்கிழுத்தவரின் பன்மைக்குள் அவரைச் சேர்ப்பது, பாடுபட்டவர்களிடமிருந்து எடுத்து மற்றவர்களுக்குக் கொடுப்பது. கண்ணீர் வரும், கைதட்டல் வரும், ஆனால் அந்தக் கண்ணீர் கேட்பவர் தன்மேலேயே கொள்ளும் இரக்கமாக முடியும். இறந்தவர்களின் குரலில் பேசும் எந்தப் பாட்டுக்கும் இந்தத் தடை பொருந்தும் என்று நான் கருதுகிறேன்.

‘நாம்’ சரியாக அமையும் இடமும் அதே தீவுக்கூட்டத்தில் உண்டு. நிகோபாரின் கட்சால் தீவில் ரப்பர் தோட்ட வேலைக்காகக் குடியேற்றப்பட்டவர்கள், சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்கள். 2004 டிசம்பர் 26 அன்று கடல் அவர்களையும் நிகோபாரிகளையும் பேதம் பார்க்காமல் கொண்டுபோனது. அந்த நாளின் நினைவுக்கூட்டத்தில், இரண்டு மக்களும் எதிரெதிரே நின்று கேட்கையில், ‘நாங்கள் இழந்தோம்’ என்று ஒரு தமிழ்ப் பாட்டு முடிந்தால் அது பக்கத்தில் நிற்பவரின் இழப்பை மறுப்பதாகும். அங்கே ‘நாம்’ தான் உண்மை. அதே பாட்டு சென்னை மேடைக்கு வந்தால் ‘நாங்கள்’ என்று மாற வேண்டும். ஊர்விட்டு ஊர் போகும் பாட்டுக்கு மூன்றாவது வழியே நல்லது: பெயர்ச்சொல்லை எடுத்துவிட்டு வினைமுற்றை மட்டும் விடுவது. ‘இழந்தோம், எழுந்தோம்’ என்னும்போது ‘-ஓம்’ இரண்டுக்கும் பொதுவாக நிற்கிறது. உள்ளே நிற்கிறேனா வெளியே நிற்கிறேனா என்பதைக் கேட்பவரே தன் மனசாட்சிப்படி முடிவு செய்துகொள்கிறார். இந்திக்குப் பெயர்த்துப் பாடும்போது இந்தப் பிரிவுகள் எல்லாம் ‘ஹம்’ என்ற ஒரே சொல்லில் கரைந்துவிடும். கேட்பவரைச் சேர்க்க வேண்டுமானால் ‘ஹம் சப்’ என்று கூட்ட வேண்டும், விலக்க வேண்டுமானால் அடுத்த வரியில் ‘நீங்கள்’ என்று யாரையாவது அழைத்தாக வேண்டும். பெயர்ப்பவரிடம் இதைச் சொல்லிக் கொடுக்காவிட்டால் சிறைப் பாட்டும் விழாப் பாட்டாகிவிடும்.

மேடையில் கெட்டுப்போகும் விதம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மூன்று முறை கேட்ட பல்லவி கூட்டத்துக்கு மனப்பாடமாகிவிடும். நான்காம் முறை பாடகர் ‘வைத்தோம்’ என்று பாடும்போது, கூடப்பாடும் சனம் ‘வைத்தேன்’ என்றே பாடும். இரண்டு முடிவுகளும் மோதி எதுவும் காதில் விழாது. கடைசிப் பல்லவியின் முதல் வரியில் தாளவாத்தியத்தை நிறுத்திவிட்டு ஒற்றைக் குரலில் மெதுவாகப் பாடினால் சனம் மாற்றத்தைக் கேட்டுக்கொள்ளும். இரண்டாம் வரியில் தானாக ‘-ஓம்’ என்று சேரும். கோரஸை இரண்டாம் பல்லவியிலேயே கொட்டிவிடும் இசையமைப்பாளர்கள் இந்த வாய்ப்பை முன்பே செலவழித்துவிடுகிறார்கள். மாற்றம் போய்ச் சேர்ந்ததா என்று அறிய எளிய சோதனை: பாட்டு முடிந்ததும் கேட்டவர் ஒருவரைக் கடைசி வரியைப் பாடச் சொல்லுங்கள். அவர் வாயில் ‘-ஏன்’ வந்தால், நீங்கள் எழுதிய பன்மை தாளிலேயே தங்கிவிட்டது.

பன்மைக்கு மாற்றுமுன் செய்ய வேண்டிய சோதனை இதைவிட முக்கியம். கடைசிப் பல்லவியை மூடிவைத்துவிட்டு சரணங்களை மட்டும் படியுங்கள். இரண்டாவது மனிதர் ஒருவர் எங்கேயாவது நடமாடுகிறாரா? இல்லையென்றால் ஒருமையிலேயே விட்டுவிடுங்கள். வேண்டுமானால் கிரேட் அந்தமானியரைப் போலக் குரலை மட்டும் பெருக்குங்கள். இருந்தால், அந்தக் கூட்டத்துக்குள் கேட்பவர் உண்மையிலேயே இருந்தாரா என்று கேளுங்கள். இருந்தார் என்றால் ‘நாம்’. செல்லுலார் சிறையைப் பாடுகிறவர்களுக்கு என் விடை ‘நாங்கள்’ என்பதே, மெட்டு எவ்வளவு நெருக்கினாலும்.